வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும் நண்பருக்கு என்ன பரிசு தருவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் நட்பு வட்டத்தில் சில ஆண்டுகளாக ஒவ்வொருவராக அமெரிக்காவிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பி வருகிறார்கள். அவர்களை வரவேற்கப் போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பதினான்கு வருஷம் கழித்து நண்பன் குடும்பத்தோடு வருகிறான். என்ன வாங்கிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்?

வந்திறங்கிய முதல் முப்பது நாட்களுக்குள் தீர்ந்துபோகிற அல்லது தேய்ந்துபோகிற பொருளாகக் கொடுங்கள். திரும்பி வருகிறவர்களிடம் பெரும்பாலும் பணம் இருக்கும். அலங்காரப் பொருளும் துணிமணியும் பெட்டி பெட்டியாக இருக்கும். அவர்களிடம் இல்லாதது வாளி, துடைப்பம், பூட்டு, அடுப்பு, கொசுவலை, குழாய் பழுதுபார்ப்பவரின் தொலைபேசி எண் ஆகியவைதான். வீட்டுச் சாமான்கள் கப்பலில் வருவதென்றால் இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகிவிடும். அந்த இடைவெளியில்தான் குடும்பம் தடுமாறும், நம் பரிசும் அந்த இடைவெளியைத்தான் நிரப்ப வேண்டும்.

சுவர்க் கடிகாரம், சாமி படம், கண்ணாடிக் கோப்பைத் தொகுதி ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். எங்கள் நண்பர் ஒருவருக்குப் பால் காய்ச்சிய அன்று மூன்று சுவர்க் கடிகாரங்கள் வந்தன. வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாதென்று வீட்டுக்காரர் சொல்லியிருந்ததால், மூன்றும் இன்றுவரை பரணில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வாங்குவதற்கு முன்னால் அவரிடம் எதையாவது கேட்க வேண்டுமா? கேட்டால் பரிசு என்ற ஆச்சரியம் போய்விடுமே?

கேட்கத்தான் வேண்டும். ஆனால் “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டால் “ஒன்றும் வேண்டாம், நீ வந்தால் போதும்” என்ற பதில்தான் வரும். அதனால் வீட்டைப் பற்றிக் கேளுங்கள். சொந்த வீடா, வாடகையா? எத்தனையாவது மாடி? சமையலறையில் பதினைந்து ஆம்பியர் பிளக் இருக்கிறதா? வருவது மெட்ரோ தண்ணீரா, போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா? கேஸ் இணைப்பு இருக்கிறதா? சாமான் கப்பலில் வருகிறதா, எல்லாவற்றையும் விற்றுவிட்டு வருகிறார்களா? இந்த ஆறுக்கும் விடை கிடைத்துவிட்டால் வாங்க வேண்டியவை எவையென்று தானாகத் தெரிந்துவிடும். நண்பருக்கே விடை தெரியாவிட்டால், வீட்டுச் சாவியை வாங்கி வைத்திருக்கும் அவருடைய தம்பியிடமோ மாமனாரிடமோ கேட்கலாம்.

அவர்கள் வந்து இறங்கும் நாளில் வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் இருபது மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து, பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகோ விடியற்காலையிலோ வந்து சேர்வார்கள். உடல் வேறு நேரக்கணக்கில் இருப்பதால், பிள்ளைகள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து பசிக்கிறது என்பார்கள். அந்த நேரத்தில் கடை திறந்திருக்காது என்பதை மனத்தில் வைத்து முதல் பெட்டியைக் கட்டுங்கள்.

நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு நான் கட்டுவது இதுதான்: பொன்னி அரிசி ஐந்து கிலோ, துவரம் பருப்பு ஒரு கிலோ, பாசிப்பருப்பு அரைக் கிலோ, ரவை ஒரு கிலோ, புளி, உப்பு, மஞ்சள்தூள், சாம்பார்ப் பொடி, கடுகு, உளுந்து, வெந்தயம், பெருங்காயம், நல்லெண்ணெய் அரை லிட்டர், சமையல் எண்ணெய் ஒரு லிட்டர், சர்க்கரை. அன்றைக்கே வாங்க வேண்டியவை இரண்டு பாக்கெட் பால், தயிர், தோசை மாவு, வாழைப்பழம், ரொட்டி. காபித்தூளை மட்டும் முந்தின நாள் கடையில் நின்று புதிதாக அரைத்து வாங்குங்கள். கூடவே ஒரு பித்தளை அல்லது எவர்சில்வர் பில்டரும் வையுங்கள். பில்டர் இல்லாத வீட்டில் நல்ல காபித்தூளுக்கு வேலை இல்லை.

சமையலறைக்கு வெளியே தேவைப்படும் பொருட்களைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: இரண்டு வாளி, இரண்டு குவளை, பூந்துடைப்பம், தென்னந்துடைப்பம், தரை துடைக்கும் துணி, குப்பைப் பை, கொடிக்கயிறு, துணி மாட்டும் கிளிப், தீப்பெட்டி, மெழுகுவத்தி, கால்மிதி, வாசல் கேட்டுக்கு ஒரு நல்ல பூட்டு. இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டும் வேண்டும். ஒரு கேன் போதுமென்று நினைத்தால் மறுநாள் மாலையிலேயே அது காலியாகிவிடும்.

கேஸ் இணைப்பு கிடைக்கும்வரை அவர்கள் எப்படிச் சமைப்பார்கள்?

இண்டக்‌ஷன் அடுப்பு கொடுங்கள். இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் நம்பிக்கையான பரிசு அதுதான். வழக்கமான 14.2 கிலோ சிலிண்டருக்குப் புதிய இணைப்பு கேட்டால் முகவரிச் சான்று, ஆதார் எல்லாம் வேண்டும். வாடகை ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் முகவரிச் சான்றும் கிடைக்காது. ஓட்டல் சாப்பாட்டையே ஒரு வாரம் சாப்பிட்டால் பிள்ளைகளின் வயிறு முதலில் முரண்டு பிடிக்கும்.

வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பெரிய இண்டக்‌ஷன் அடுப்புகள் இரண்டாயிரம் வாட் வரை இழுக்கும், அதாவது ஏறக்குறைய ஒன்பது ஆம்பியர். அதை ஐந்து ஆம்பியர் சாதாரண பிளக்கில், அதுவும் நீட்டிப்புப் பலகை வழியாகப் போட்டால், பிளக் சூடாகி உருகும் வாசனை வரும். பதினைந்து ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று முன்பே கேட்கச் சொன்னது இதற்காகத்தான். அடுத்தது பாத்திரம். அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டினால்தான் இண்டக்‌ஷன் வேலை செய்யும். சாதாரண அலுமினியமும் பித்தளையும் உதவாது. எவர்சில்வரிலும் எல்லாம் ஒட்டாது. கடைக்குப் போகும்போது குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவது என் வழக்கம். அடுப்போடு, அடி காந்தம் பிடிக்கும் மூன்று லிட்டர் குக்கரும் அகன்ற பாத்திரம் ஒன்றும் கொடுத்தால்தான் பரிசு முழுமையாகும். அடுப்பை மட்டும் கொடுத்தால், அவர்கள் பாத்திரம் தேடிக் கடைக்கு அலைய வேண்டும்.

பால் காய்ச்சும் சடங்கை இண்டக்‌ஷனில் செய்யச் சொல்லாதீர்கள். ஒரு வீட்டில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். பால் பொங்கிக் கண்ணாடித் தட்டில் வழிந்ததும் தொடுபொத்தான்கள் ஈரத்தில் குழம்பின. அடுப்பு இரண்டு தடவை கூவிவிட்டு அணைந்துபோக, பெரியம்மா முகம் சுருங்கிவிட்டது. அந்த நாளுக்கு மட்டும் ஐந்து கிலோ சிறு சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் ஏற்பாடு செய்யுங்கள். எண்ணெய் நிறுவனங்கள் அந்தச் சிலிண்டரை முகவரிச் சான்று கேட்காமல், அடையாளச் சான்றை மட்டும் பார்த்துக்கொண்டு சந்தை விலைக்குத் தருகின்றன.

“மிக்சி, ரைஸ் குக்கர் எல்லாம் அங்கிருந்தே கொண்டு வருகிறோம்” என்கிறார்கள். அப்படியானால் நாம் வாங்க வேண்டாமா?

எந்த நாட்டிலிருந்து வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே வாங்கிய மிக்சியை இங்கே அப்படியே சொருகினால் ஒரே நொடியில் புகைந்துவிடும். மின்மாற்றி வைத்து ஓட்டலாம் என்பார்கள். ஆனால் ஆயிரம் வாட்டுக்கு மேல் தாங்கும் மின்மாற்றி எடையும் விலையும் அதிகம். அமெரிக்காவிலிருந்து வருகிற நண்பருக்கு நம்மூர் மிக்சி நல்ல பரிசு. தேங்காய்ச் சட்னியும் இட்லி மாவும் அரைக்க அதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்தால் மின்னழுத்தம் இங்கே உள்ளது போலத்தான். பிளக்கின் வடிவம்தான் வேறு. அங்கே மூன்று தட்டைக் கால்கள், இங்கே மூன்று உருண்டைக் கால்கள். அவர்களுக்கு மிக்சி வேண்டாம். பிளக் மாற்றிகள் ஐந்தாறு போதும். மடிக்கணினி, கைப்பேசி சார்ஜர்களைப் பற்றி எந்த நாட்டுக்காரரும் கவலைப்பட வேண்டியதில்லை. அவற்றின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அப்படிப் போடாத மின்பொருளைக் கப்பலில் ஏற்றாதே என்று அமெரிக்காவிலிருந்து வருகிறவரிடம் புறப்படுவதற்கு முன்பே சொல்லிவிடுவதும் ஒரு வகையில் பரிசுதான்.

தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் கொடுக்கலாமா? நல்ல விலையுள்ள பரிசாகவும் இருக்குமே?

முதல் மாதத்தில் கொடுக்காதீர்கள். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு நண்பருக்கு ஆர்.ஓ. வாங்கிப் பொருத்தினோம். பிறகு அளந்து பார்த்தால், அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மெட்ரோ தண்ணீரில் கரைந்த உப்பு ஏற்கெனவே குறைவாகத்தான் இருந்தது. இருந்த கொஞ்சத்தையும் இயந்திரம் எடுத்துவிட்டதால் தண்ணீர் சப்பென்று இருந்தது. அதற்கு மேல், சுத்திகரிக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் அதைவிடக் கூடுதலான தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்கு எளிய புற ஊதா வடிகட்டியே போதுமானதாக இருந்திருக்கும்.

கரைந்த உப்பின் அளவை டி.டி.எஸ். என்பார்கள். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. பேனா அளவுள்ள டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை முதலில் கொடுங்கள். குடியேறிய பிறகு குழாய்த் தண்ணீரை வெவ்வேறு நாட்களில் மூன்று நான்கு தடவை அளக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் கோடையில் மெட்ரோ தண்ணீர் குறைந்து போர் தண்ணீர் கலக்கும்போது எண் தாவும். மீட்டர் உப்பை மட்டும்தான் காட்டும், கிருமியைக் காட்டாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். குறைந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் காய்ச்சாமல் குடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

வந்ததும் போன் இல்லாமல் திண்டாடுவார். என் பெயரில் ஒரு சிம் வாங்கி வைத்துக் கொடுத்துவிடட்டுமா?

வேண்டாம். இங்கே கைப்பேசி எண் என்பது பேசுவதற்கு மட்டுமானதன்று. வங்கி, ஆதார், யு.பி.ஐ., பள்ளிக் கட்டணம், கேஸ் பதிவு எல்லாம் அந்த எண்ணில்தான் தொங்குகின்றன. அவர் அந்த எண்ணை எல்லாவற்றோடும் இணைத்துவிட்ட பிறகு சிம் தொலைந்தால், மாற்று சிம் வாங்கக்கூட நீங்கள்தான் கடைக்குப் போக வேண்டும். அந்த எண்ணில் ஏதேனும் தவறு நடந்தால் முதல் கேள்வியும் உங்களிடம்தான் வரும்.

இந்தியக் கடவுச்சீட்டும் அதில் உள்ளூர் முகவரியும் இருந்தால், அதைக் காட்டி அவர் பெயரிலேயே சிம் வாங்கலாம். முதல் நாளே அவரைக் கடைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். மூன்று மாத ரீசார்ஜை உங்கள் பரிசாகப் போட்டுவிடுங்கள். புதிய எண் முன்பு வேறொருவர் பயன்படுத்தியதாக இருக்கலாம். அதற்குக் கடன் வசூல்காரர்களின் அழைப்பு வருகிறதா, வாட்ஸ்அப்பில் முகம் தெரியாத யாருடைய படமாவது தெரிகிறதா என்று இரண்டு நாள் பார்த்துவிட்டு, பிறகு வங்கியோடு இணைக்கச் சொல்லுங்கள்.

ஆதார், வங்கி வேலைகளை அவரேதான் செய்தாக வேண்டும். இதில் நண்பன் கொடுக்கக்கூடிய பரிசு என்ன இருக்கிறது?

எந்த வேலை எதன் பின்னால் வரும் என்ற வரிசையை எழுதிக் கொடுப்பதும், ஒரு வேலைநாள் முழுவதும் வண்டியோடு கூடவே இருப்பதும்தான். முதலில் சிம். அடுத்தது ஆதாரில் அந்த எண்ணைச் சேர்ப்பது. பழைய ஆதார் இருந்தாலும், பதினான்கு வருஷத்துக்கு முன்பு விட்டுப்போன எண் அதில் இருந்தால் ஓ.டி.பி. யாருக்கோ போகும், அதை முதலில் மாற்றியாக வேண்டும். அதன் பிறகு வங்கி. நிரந்தரமாகத் திரும்பிவிட்டவர் தமது வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதி. சேமிப்பை டாலராகவே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு வகை இருக்கிறது. இவற்றுக்குப் பிறகுதான் யு.பி.ஐ. வரிசை மாறினால் ஒவ்வோர் அலுவலகத்திலும் “முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்” என்ற பதில் கிடைக்கும்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பெற்றோர் வந்த உடனேயே ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் பிறந்து அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளையோ, முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 182 நாட்கள் இங்கே தங்கியிருக்க வேண்டும். பள்ளியில் பிள்ளையின் ஆதார் கேட்டால் பதறாமல், கடவுச்சீட்டையும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டையையும் காட்டலாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கூடவே ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். அதில் உங்கள் கையெழுத்தில் குழாய் வேலை செய்பவர், மின்வேலை செய்பவர், பால்காரர், இஸ்திரி போடுகிறவர், தண்ணீர்க் கேன் போடுகிறவர், இரவிலும் திறந்திருக்கும் மருந்துக்கடை, பிள்ளைகளுக்கான மருத்துவர் ஆகியோரின் எண்கள் இருக்கட்டும். முதல் பக்கத்தில் ஆம்புலன்சுக்கு 108, மாநகராட்சிப் புகாருக்கு 1913, மின்தடைக்கு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987. கைப்பேசியில் அனுப்பினால் போதாதா என்று கேட்பார்கள். கைப்பேசியில் அனுப்பியது நண்பரிடம் மட்டும் இருக்கும். நோட்டு குளிர்பெட்டியின் மேல் இருந்தால், அவர் அலுவலகத்தில் இருக்கும்போது மோட்டார் ஓடாமல் நின்றாலும் வீட்டிலிருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பொருள் எதற்கு, பணமாகவே கொடுத்துவிடலாமே?

சிறு தொகை என்றால் கொடுக்கலாம். பெரிய தொகை என்றால் வருமான வரிச் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். உடன்பிறந்தவர், பெற்றோர் போன்ற உறவினர் கொடுக்கும் பணத்துக்கு வரி கிடையாது. ஆனால் எத்தனை நெருக்கமானாலும் நண்பர் சட்டத்தின் கண்ணில் உறவினர் அல்லர். ஒரு நிதியாண்டில் உறவினரல்லாத எல்லோரிடமிருந்தும் வந்த பணம் சேர்ந்து ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் பெறுகிறவர் வரி கட்ட வேண்டும். திருமணத்துக்கு விலக்கு உண்டு. புதுமனை புகுவிழாவுக்கு இல்லை. ஆறு நண்பர்கள் ஆளுக்குப் பத்தாயிரம் அனுப்பினால், அது அவருக்கு ஒரு சுமையாகவே போய்ச் சேரும். நகைக்கும் தங்கக் காசுக்கும் இதே போன்ற வரம்பு தனியாக உண்டு. மிக்சியும் அடுப்பும் இதில் வராது.

பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது? பொம்மை நிறையவே இருக்கும்போல் தெரிகிறது.

தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்புவரை தமிழ் ஒரு கட்டாயப் பாடம். வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு வளர்ந்த பிள்ளைகூட எழுத்து தெரியாமல் வந்து நிற்கும். ஏழாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் அவமானமாக இருக்கும். அதனால் நான் இருமொழிப் படக்கதைப் புத்தகங்களைக் கொடுக்கிறேன். ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் தமிழும் இருப்பதால், தெரிந்த கதையைத் தமிழில் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பிள்ளை தானே முயலும். சென்னைத் தூலிகா பதிப்பகம் இப்படிப்பட்ட புத்தகங்களைப் பல ஆண்டுகளாகக் கொண்டு வருகிறது.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். அங்கே பிள்ளை தினமும் காலையில் என்ன சாப்பிட்டது என்று கேட்டு, அதே தானிய உணவோ வேர்க்கடலை வெண்ணெயோ இங்கே கிடைத்தால் இரண்டு பெட்டி வாங்கி வையுங்கள். ஊர் திரும்புவது பெற்றோருக்குத்தான்; பிள்ளைகளுக்கு அது ஊரை விட்டு வருவது. நம்மில் பலர் முறுக்கையும் அதிரசத்தையும் அடுக்கிவிட்டு, பிள்ளை ஏன் சாப்பிடவில்லை என்று வியக்கிறோம்.

நண்பரின் மனைவிக்குத் தனியாக ஏதாவது கொடுக்க வேண்டுமா? புடவை எடுக்கலாமா?

புடவை எடுப்பது உங்கள் வீட்டு வழக்கமென்றால் எடுங்கள், தவறில்லை. ஆனால் அங்கே தாமே கார் ஓட்டிக்கொண்டு வேலைக்கும் கடைக்கும் போய்வந்த பெண், இங்கே வந்ததும் எங்கே போவதற்கும் யாரையாவது எதிர்பார்க்க நேர்வதுதான் முதல் ஆறு மாதத்தின் பெரிய புழுக்கம் என்று நான் கேட்ட எல்லோருமே சொன்னார்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பத்து நாள் நினைவூட்டுப் பயிற்சிக்குப் பணம் கட்டிக் கொடுங்கள். அமெரிக்காவில் சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவருக்கு இங்கே இடப்பக்கம். வளைவில் திரும்பும்போது கை பழைய பக்கத்துக்கே போகும். தானியங்கி வண்டியே ஓட்டியவருக்குக் கிளட்சும் புதிதாகிவிடும். இந்திய உரிமம் காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் புதுப்பிக்கும்போது மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கும் இந்தப் பயிற்சி உதவும்.

கத்தி கொடுக்கக் கூடாது, வெறும் பாத்திரம் கொடுக்கக் கூடாது என்று அம்மா சொல்கிறார். இதையெல்லாம் பார்க்க வேண்டுமா?

நண்பர் பார்க்காவிட்டாலும் அவருடைய அம்மா பார்ப்பார். பரிசு அந்த வீட்டுக்குத்தான் போகிறது. அரிவாள்மனை, கத்தி கொடுத்தால் ஒரு ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது அது விற்பனை, பரிசன்று. குக்கருக்குள் ஒரு பிடி அரிசி போட்டுக் கொடுங்கள். மேலே சொன்ன மளிகைப் பெட்டியில் உப்பும் மஞ்சளும் மேலாக இருக்கட்டும், குடி புகும்போது முதலில் உள்ளே போவது அவைதான். ஆடியிலும் மார்கழியிலும் பலர் வீடு மாற மாட்டார்கள். அந்த மாதங்களில் வந்திறங்குகிறவர்கள் உறவினர் வீட்டிலேயே தங்குவார்கள் என்பதால் பெரிய பொருட்களை அதுவரை நீங்களே வைத்திருங்கள்.

நாங்கள் ஐந்து பேர், ஆளுக்கு நாலாயிரம் போடலாம் என்றிருக்கிறோம். இருபதாயிரத்தை எப்படிப் பிரிப்பது?

சென்ற செப்டம்பரில் நியூ ஜெர்சியிலிருந்து மேடவாக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்த குடும்பத்துக்கு நாங்கள் செய்த கணக்கைச் சொல்கிறேன். மளிகைப் பெட்டிக்கு 3,200 ரூபாய் ஆனது. இண்டக்‌ஷன் அடுப்புக்கு 2,600, குக்கருக்கும் பாத்திரத்துக்கும் 2,700. வாளி, துடைப்பம், பூட்டு வகையறாவுக்கு 1,900. தண்ணீர்க் கேன்களுக்கு முன்பணத்தோடு 600. மின்சாரம் போனாலும் சில மணி நேரம் எரியும் இன்வெர்ட்டர் பல்பு இரண்டுக்கும் நீட்டிப்புப் பலகைக்கும் 1,600. நான்கு சன்னல்களுக்குக் கொசுவலை அடிக்க 3,000. ஆக 15,600.

கொசுவலை எதற்கு என்று எங்களில் ஒருவர் கேட்டார். அடுத்த மாதமே வடகிழக்குப் பருவமழை; டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது, இரவுச் சுருளால் பயனில்லை. ஒட்டுப்பட்டை வைத்த வலையென்றால் ஆணி வேண்டாம், வீட்டுக்காரரும் ஒன்றும் சொல்ல மாட்டார். சன்னலின் திறப்பை அளக்காமல் சட்டத்தின் வெளிவிளிம்போடு சேர்த்து அளக்க வேண்டும் என்பதை முதல் சன்னலில்தான் கற்றுக்கொண்டோம். அந்த வலை இரண்டு விரல் குறைவாக இருந்தது. திரும்பத் தைக்க வேண்டியதாயிற்று.

மிச்சம் 4,400 ரூபாயை வேண்டுமென்றே கையில் வைத்திருந்தோம். நாற்பதாம் நாள் வாக்கில் போய், எது குறைகிறது என்று பார்த்தோம். டி.டி.எஸ். மீட்டர் குறைவான அளவையே காட்டியது, அதனால் ஆர்.ஓ. தேவைப்படவில்லை. நண்பரின் மனைவி மூன்று வாரமாக வீட்டை விட்டு வெளியே போகவில்லை என்று தெரிந்ததும், அந்தப் பணம் அப்படியே ஓட்டுநர் பயிற்சிக்குப் போயிற்று.

வேலை போய், விசா முடிந்து, மனமில்லாமல் திரும்பி வருகிறார். அவருக்கும் இதையெல்லாம் கொடுத்தால் குத்திக்காட்டுவது போல் இருக்காதா?

பொருட்கள் இவையே போதும்; கொடுக்கும் விதம்தான் மாற வேண்டும். வரவேற்புப் பலகை, மாலை, கூட்டம், “ஒருவழியாக வந்து சேர்ந்தாயே” என்ற பேச்சு ஆகியவை வேண்டாம். அவர் வருவதற்கு முந்தின நாளே சாவியை வாங்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஐந்து பேர் கொடுத்ததை ஒருவர் பேரில் சொல்லாதீர்கள், செலவையும் சொல்லாதீர்கள். நிரந்தரமாகத் தங்குவதா என்றே அவர் முடிவு செய்யாமல் இருக்கலாம். அதனால் பெரிய குளிர்பெட்டி, சோபா போன்று “இனி இங்கேதான்” என்று சொல்லும் பொருட்களை வாங்காதீர்கள். ஆர்.ஓ. இயந்திரத்துக்குச் சொன்ன அதே காத்திருத்தல் இங்கேயும் பொருந்தும்.

இப்படி வந்த ஒருவருக்கு நான் நோட்டுப் புத்தகத்தையும் காபிப் பில்டரையும் மட்டும் கொடுத்தேன். இரண்டு வாரம் அவர் அழைக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நோட்டில் எழுதியிருந்த குழாய்க்காரர் எண் மாறிவிட்டதென்றும், புதிய எண்ணைத் தாமே கண்டுபிடித்துத் திருத்தி எழுதிவிட்டதாகவும் அழைத்துச் சொன்னார்.